ஒரு கப் கொண்டைக்கடலையா, ராஜ்மாவா, காராமணியா, ஹம்மஸா: புரதக் கணக்கை நீங்களே போடுவது எப்படி

புரதத்தைக் கணக்குப் பார்த்துச் சாப்பிட ஆரம்பிக்கும் எல்லோரும் முதலில் தேடுவது "ஒரு கப்பில் எத்தனை கிராம்?" என்பதைத்தான். வேகவைத்த பயறுகளுக்கு இந்தக் கேள்வி ஓரளவு ஒத்துவரும். கொண்டைக்கடலையை அரைத்துச் செய்யும் ஹம்மஸைப் பக்கத்தில் வைத்ததும் கப் கணக்கு நம்மைத் தப்பான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். ஏன் என்பதை எண்களோடு பார்க்கலாம், அப்புறம் உங்கள் சமையலறையில் அதே கணக்கை எப்படிப் போடுவது என்றும் சொல்கிறேன். தேவையானது ஒரு கிராம் தராசு, ஒரு அளவுக் கப், ஒரு கால்குலேட்டர்.

முதலில் அடிப்படை எண்கள். அமெரிக்க வேளாண் துறை வெளியிடும் உணவுச் சத்துத் தரவுகளில், உப்பில்லாமல் வேகவைத்து வடித்த பயறுகளுக்கு இப்படி இருக்கிறது. கொண்டைக்கடலை ஒரு கப் 164 கிராம், அதில் புரதம் 14.5 கிராம், கலோரி 269. ராஜ்மா ஒரு கப் 177 கிராம், புரதம் 15.3 கிராம், கலோரி 225. கண் போலக் கரும்புள்ளி வைத்த வெள்ளைக் காராமணி (தட்டைப்பயறு என்றும் சொல்வார்கள்) ஒரு கப் ஏறக்குறைய 171 கிராம், புரதம் 13.2 கிராம், கலோரி 198.

ஆக ராஜ்மா முதலிடம், கொண்டைக்கடலை இரண்டாமிடம், காராமணி கடைசி என்று எழுதிவைத்துவிடத் தோன்றும். எழுதிவைக்காதீர்கள். அந்த மூன்று கப்புகளின் எடையை இன்னொரு முறை பாருங்கள்: 164, 177, 171. கப் ஒன்றுதான், உள்ளே போன பொருளின் எடை வேறு வேறு. கொண்டைக்கடலை உருண்டையாக இருப்பதால் நடுவில் காற்று அதிகம். ராஜ்மா நீளவாக்கில் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். எடைக்கு எடை பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது: 100 கிராமில் கொண்டைக்கடலை 8.9, ராஜ்மா 8.7, காராமணி 7.7 கிராம். அதாவது ராஜ்மாவுக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது அந்தக் கூடுதல் 13 கிராம் எடைதான்.

காராமணி பின்தங்குவதற்குக் காரணம் தண்ணீர். காய்ந்த பயறாக இருக்கும்போது 100 கிராம் காராமணியில் ஏறக்குறைய 23.5 கிராம் புரதம் இருக்கிறது, காய்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராம் சுற்றி. அதாவது காய்ந்த நிலையில் காராமணிதான் மேலே! வெந்த பிறகு காராமணியின் எடையில் 70 சதவீதம் தண்ணீர், ராஜ்மாவில் 67, கொண்டைக்கடலையில் 60. புரதம் எங்கும் போய்விடவில்லை, தண்ணீர் சேர்ந்து பரவிவிட்டது, அவ்வளவுதான். இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் "வேகவைத்தால் புரதம் குறையுமா" என்ற சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது.

படி 1: ஊறவைத்து, முழுதாக வேகவையுங்கள்

கொண்டைக்கடலைக்கு ஒரு இரவு ஊறல் போதும். காராமணி ஊறாமலே வெந்துவிடும், ஊறினால் இன்னும் சீக்கிரம். ராஜ்மாவுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப்பொருள் மிஞ்சியிருக்கும், சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே போடாதீர்கள், அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது. டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

கணக்குக்கும் வேக்காட்டுக்கும் தொடர்பு உண்டு. குழைந்துபோன கொண்டைக்கடலை கப்பில் நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அதே கப்பில் எடை கூடும். விரலால் அழுத்தினால் மாவாக மசிய வேண்டும், ஆனால் பாத்திரத்தில் இருக்கும்போது உருவம் கலையாமல் இருக்க வேண்டும். கப் எண்ணோடு ஒப்பிடுவதற்கு இந்தப் பதம் சரி. ஹம்மஸுக்கு என்றால் இன்னும் குழையவிடலாம், அங்கே எடைபோட்டுத்தான் அளக்கப்போகிறோம்.

படி 2: வடித்து, தலை தட்டி அளந்து, எடை பாருங்கள்

வடிகட்டியில் கொட்டி, சொட்டுவது நிற்கும்வரை விடுங்கள். ஈரம் சொட்டச் சொட்ட எடைபோட்டால் தண்ணீரையும் சேர்த்துப் பயறு என்று எண்ணுகிறீர்கள். காலி கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள், பயறை அழுத்தாமல் நிரப்பி, கத்தி முதுகால் தலை தட்டுங்கள், தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் கப்பையே சந்தேகப்பட வேண்டும். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி. கடைகளில் கிடைக்கும் பல கப்புகள் 250 மில்லி. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் 250 மில்லி கப்பில் கொண்டைக்கடலை 173 கிராம் பிடிக்கும், புரதம் 15.3 கிராம் ஆகிவிடும். அதாவது அட்டவணையில் ராஜ்மாவுக்குப் போட்டிருக்கும் அதே எண்! ராஜ்மாவா கொண்டைக்கடலையா என்ற சண்டை முழுவதும் கப்பின் அளவு வித்தியாசத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் கிராமில் எடை பார்க்கச் சொல்கிறேன்.

எடை கிடைத்ததும் பெருக்கல்தான். கொண்டைக்கடலை என்றால் எடையை 0.089 ஆல், ராஜ்மா 0.087 ஆல், காராமணி 0.077 ஆல் பெருக்குங்கள். 150 கிராம் காராமணி சாப்பிட்டால் 11.6 கிராம் புரதம். கப்பே தேவையில்லை.

கைபேசிச் செயலியில் தேடி எண் எடுப்பவர்கள் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். ஒன்று, வெந்த எடையைப் போட்டுவிட்டுக் காய்ந்த பயறின் பதிவைத் தேர்ந்தெடுப்பது. 164 கிராம் கொண்டைக்கடலைக்கு 30 கிராமுக்கு மேல் புரதம் என்று வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. இன்னொன்று காராமணியில் மட்டும் வருவது: முற்றிக் காய்ந்த பயறுக்கு ஒரு பதிவு, முற்றாத பச்சைப் பயறுக்கு இன்னொரு பதிவு இருக்கும். பச்சையாக வேகவைத்த காராமணி ஒரு கப்பில் புரதம் 5 கிராம் சொச்சம்தான். காராமணிக்கு 13க்குப் பதில் 5 என்று எங்கேயாவது பார்த்தால், எண் தப்பில்லை, பயறு வேறு.

படி 3: ஹம்மஸைப் பாகம் பாகமாகக் கணக்கிடுங்கள்

ஹம்மஸ் என்பது கொண்டைக்கடலை மட்டும் இல்லை. அதில் தஹினி என்ற எள் விழுது இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, எலுமிச்சைச் சாறு, பூண்டு, தண்ணீர், உப்பு எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருவர் செய்முறைக்கும் விகிதம் மாறுவதால் "ஹம்மஸில் இத்தனை புரதம்" என்று பொதுவாக ஒரு எண் சொல்வதில் அர்த்தம் குறைவு. ஒரு செய்முறையை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

வெந்து வடித்த கொண்டைக்கடலை ஒன்றரைக் கப், அதாவது 246 கிராம்: புரதம் 21.8 கிராம், கலோரி 403. தஹினி 4 டேபிள்ஸ்பூன், 60 கிராம்: புரதம் 10.2, கலோரி 357. ஆலிவ் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், 27 கிராம்: புரதம் பூஜ்யம், கலோரி 239. எலுமிச்சைச் சாறு 3 டேபிள்ஸ்பூனும் பூண்டு இரண்டு பல்லும் சேர்ந்து 51 கிராம்: புரதம் அரை கிராம் சுற்றி, கலோரி 20க்குள். குளிர்ந்த தண்ணீர் 4 டேபிள்ஸ்பூன், 60 கிராம், சத்துக் கணக்கில் எதுவும் இல்லை.

கூட்டினால் மொத்த எடை ஏறக்குறைய 444 கிராம், புரதம் 32.6 கிராம், கலோரி 1,018. எடையால் வகுத்தால் 100 கிராம் ஹம்மஸில் 7.3 கிராம் புரதமும் 229 கலோரியும்.

இப்போது இதை ஒரு கப்புக்கு மாற்றுங்கள். ஒரு கப் ஹம்மஸ் 246 கிராம் எடை பிடிக்கும், விழுது என்பதால் நடுவில் காற்றே இல்லை. அப்படியானால் ஒரு கப்பில் புரதம் 18 கிராம். ராஜ்மாவின் 15.3ஐயும் தாண்டிவிட்டது! கப்பை மட்டும் பார்ப்பவர் ஹம்மஸ்தான் நான்கிலும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அந்தக் கப்பில் 564 கலோரி இருக்கிறது, கொண்டைக்கடலைக் கப்பைப் போல இரு மடங்குக்கும் மேல்.

கலோரியை நிலையாக வைத்து ஒப்பிட்டால் உண்மை நிலவரம் தெரியும். 100 கலோரிக்கு ராஜ்மா தரும் புரதம் 6.8 கிராம், காராமணி 6.7, கொண்டைக்கடலை 5.4, நாம் போட்ட ஹம்மஸ் 3.2. கப் கணக்கில் கடைசியில் இருந்த காராமணி இங்கே ராஜ்மாவோடு தோளோடு தோள் நிற்கிறது, முதலில் இருந்த ஹம்மஸ் கடைசிக்குப் போய்விட்டது. கொண்டைக்கடலை நடுவில் நிற்பதற்குக் காரணம் அதிலேயே கொஞ்சம் கொழுப்பு இருப்பது, ஒரு கப்புக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். மற்ற இரண்டிலும் 1 கிராம்கூட வராது.

எந்தக் கணக்கை எடுப்பது என்று கேட்டால், அது உங்கள் தேவையைப் பொறுத்தது. எடையைக் குறைக்கவோ கட்டுக்குள் வைக்கவோ பார்க்கிறீர்கள் என்றால் கலோரிக்கு எவ்வளவு புரதம் என்பதைப் பாருங்கள். பசியே எடுக்காமல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிற ஒருவருக்கு உணவு தயாரிக்கிறீர்கள் என்றால், சின்ன அளவில் நிறைய கலோரியும் போதிய புரதமும் தரும் ஹம்மஸ்தான் உதவும். கப் கணக்கு இந்த இரண்டில் எதற்குமே முழுதாகப் பதில் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹம்மஸை யாரும் கப் கணக்கில் சாப்பிடுவதில்லை. தொட்டுக்கொள்வது 2 டேபிள்ஸ்பூன், மிஞ்சினால் 4. இரண்டு டேபிள்ஸ்பூன் என்பது 30 கிராம், அதில் 2.2 கிராம் புரதம், 69 கலோரி. கொண்டைக்கடலை ஒரு கப்பில் கிடைக்கும் 14.5 கிராமை ஹம்மஸில் எடுக்க வேண்டுமானால் 200 கிராம் சுற்றிச் சாப்பிட வேண்டும், கலோரி 450ஐத் தாண்டும். ஹம்மஸைப் புரதத்துக்கான முக்கிய உணவாக எண்ணிக்கொண்டு இரண்டு கரண்டி தொட்டுக்கொள்பவர்கள்தான் நாள் முடிவில் கணக்கு இடிக்கிறதே என்று குழம்புகிறார்கள்.

படி 4: எதைக் குறைப்பது, எதை விடுவது

கலோரி அதிகம் என்றதும் பலர் முதலில் தஹினியில் கை வைக்கிறார்கள். அது தப்பான இடம் என்பது என் கருத்து. மேலே உள்ள கூட்டலைத் திரும்பப் பாருங்கள்: மொத்தப் புரதம் 32.6 கிராமில் 10 கிராமுக்கு மேல் தஹினியிலிருந்து வந்தது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எண்ணெயிலிருந்து வந்தது எதுவும் இல்லை. அது மட்டும் இல்லாமல், பயறுகளில் லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய, மெத்தியோனின் குறைவு. எள்ளில் நேர் எதிர், லைசின் குறைவு, மெத்தியோனின் நல்ல அளவு. இரண்டும் ஒரே கிண்ணத்தில் சேரும்போது ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டுகிறது. தஹினியை எடுத்துவிட்டால் சுவையோடு சேர்த்து இதுவும் போகும்.

எண்ணெயை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்துப் பாருங்கள். மொத்தப் புரதம் அதே 32.6 கிராம், கலோரி 1,018லிருந்து 779 ஆக இறங்கிவிடும். 100 கலோரிக்குப் புரதம் 3.2லிருந்து 4.2 ஆகும். வேறு எந்த ஒரு மாற்றமும் இவ்வளவு சுலபமாக இவ்வளவு பலன் தராது.

எண்ணெய் இல்லாமல் வழவழப்பு வருமா என்றால், வரும், வரிசை சரியாக இருந்தால். முதலில் தஹினி, எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு மட்டும் மிக்ஸியில் போட்டு அடியுங்கள். சாறு பட்டதும் தஹினி இளகுவதற்குப் பதிலாக இறுகி, திட்டுத் திட்டாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கெட்டுப்போனது மாதிரி ஆகும். புதிதாகச் செய்பவர்கள் பயந்துபோய் எண்ணெய்ப் பாட்டிலை எடுப்பது சரியாக இந்த நேரத்தில்தான், இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன், இன்னும் ஒன்று என்று ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் 119 கலோரி சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்குத் தேவை எண்ணெய் இல்லை, தண்ணீர். எள் விழுதில் கொஞ்சமாக ஈரம் பட்டால் அதிலுள்ள மாவுத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ஈரம் போதிய அளவு சேர்ந்ததும் மறுபடி பிரிந்து இளகிவிடுகின்றன. ஜில்லென்ற தண்ணீரை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். மூன்றாவது, நான்காவது கரண்டியில் நிறம் வெளுத்து, கெட்டித் தயிர் பதத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு கொண்டைக்கடலையைப் போட்டு, மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் அரையுங்கள். கடலை வெதுவெதுப்பாகவும் நன்றாகக் குழைந்தும் இருந்தால் திப்பி இல்லாமல் வரும்.

எண்ணெய் வாசனை வேண்டும் என்பவர்கள் பரிமாறும்போது மேலே ஒரு டீஸ்பூன் விட்டுக்கொள்ளலாம், 40 கலோரிதான். அரைக்கும்போது கலந்த எண்ணெய் உள்ளே மறைந்துவிடும், மேலே விட்டது முதல் வாயிலேயே நாக்குக்குத் தெரியும்.

கொண்டைக்கடலைக்குப் பதிலாக ராஜ்மாவை அரைத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: அதே 246 கிராமில் புரதம் 21.3 கிராம், கலோரி 312 சுற்றி. புரதம் அரை கிராம் குறைகிறது, கலோரி 90 குறைகிறது. எண்ணெயை எடுப்பதால் குறையும் 239ஓடு ஒப்பிட்டால் இது சிறிய லாபம், தோல் தடிப்பாக இருப்பதால் அரைத்த பிறகு சல்லடையில் தேய்க்க வேண்டிய வேலையும் சேரும்.

படி 5: உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மேலே நான் போட்ட 7.3 கிராம் என்பது அந்தச் செய்முறைக்கு மட்டும் பொருந்தும். உங்களுடையதுக்கு இப்படிச் செய்யுங்கள். ஹம்மஸ் எடுத்துவைக்கப்போகும் காலிப் பாத்திரத்தை முதலில் எடைபோட்டு, அடியில் எழுதியே ஒட்டிவிடுங்கள். அரைக்கும்போது கொண்டைக்கடலையையும் தஹினியையும் மட்டும் கிராமில் அளங்கள், புரதத்துக்கு இந்த இரண்டு போதும், மற்றதெல்லாம் சேர்ந்து ஒரு கிராமைத் தாண்டாது. கொண்டைக்கடலை எடையை 0.089 ஆலும் தஹினி எடையை 0.17 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அரைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடைபோட்டு, பாத்திரத்தின் எடையைக் கழித்து, அந்த எடையால் வகுங்கள். வருவதுதான் ஒரு கிராம் ஹம்மஸுக்கான புரதம். கலோரியும் வேண்டுமென்றால் எண்ணெயையும் அளந்தாக வேண்டும், ஒரு கிராமுக்கு 9 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கொண்டைக்கடலைக்கு 1.64, தஹினிக்கு ஏறக்குறைய 6.

தண்ணீர் கூட விட்டால் இந்த எண் இறங்கும், அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. முழுப் பாத்திரத்தில் இருக்கும் புரதம் மாறாது, ஒரு கரண்டிக்கு வருவது மட்டும் குறையும். அதனால் பாத்திரத்தை நான்கு பேர் சமமாகப் பங்கிட்டால் மொத்தத்தை நான்கால் வகுத்தாலே போதும், ஹம்மஸ் நீர்த்ததா கெட்டியா என்று பார்க்க வேண்டாம்.

கடையில் வாங்கிய ஹம்மஸ் என்றால் லேபிளில் 100 கிராமுக்கு என்று போட்டிருக்கும் வரியைப் படியுங்கள். ஒரு பரிமாறலுக்கு மட்டும் போட்டிருந்தால் அந்த எண் முழு கிராமாகத் திருத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 30 கிராமுக்கு புரதம் 2 கிராம் என்று இருந்தால் உள்ளே இருப்பது 1.5 ஆகவும் இருக்கலாம், 2.4 ஆகவும் இருக்கலாம். அதை 8 ஆல் பெருக்கி ஒரு கப்புக்கு மாற்றினால் 12க்கும் 19க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வரும், ராஜ்மாவோடு ஒப்பிட அந்த எண் உதவாது. அப்படிப்பட்ட டப்பாவில் பொருள் பட்டியலைப் பாருங்கள், அதிக எடையுள்ளதுதான் பெரும்பாலும் முதலில் வரும். தஹினிக்கு முன்னால் எண்ணெய் வந்திருந்தால், புரதத்துக்காக அதை வாங்க வேண்டாம்.